குளியலறைப் புதுப்பிப்பு: "அது தொடர்பான அனைத்து வேலைகளும்" என்று எழுதினால் போதுமா?

புதுவாசல் | மார்ச் 3, இரவு 9:10

வீட்டில் ஒரு குளியலறையை உடைத்துப் புதிதாகச் செய்யப் போகிறோம். உள் அளவு 2.4 மீட்டருக்கு 1.5 மீட்டர். நாங்கள் மேல் மாடி, கீழே வேறு குடும்பம். ஒப்பந்தக்காரர் கொடுத்த தாளில் வேலை விவரம் மொத்தமே இவ்வளவுதான்:

"குளியலறையை முழுமையாகப் புதுப்பித்தல். பழைய டைல்ஸ் அகற்றுதல், வாட்டர்ப்ரூஃபிங், புதிய டைல்ஸ், பிளம்பிங், எலெக்ட்ரிகல் மற்றும் அது தொடர்பான அனைத்து வேலைகளும். தரமான முறையில் முடித்துத் தரப்படும்."

"அனைத்து வேலைகளும்" என்று அவரே எழுதிவிட்டதால் இது எங்களுக்குச் சாதகம் என்று நான் நினைக்கிறேன். அந்த ஒரு வரிதான் ஆபத்து என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?

ரசமட்டம் | மார்ச் 3, இரவு 10:25

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. பழைய டைல்ஸை உடைத்து மூட்டையில் கட்டி வாசலில் வைப்பதோடு அவர் வேலை முடிந்ததா, வண்டி வைத்து அனுப்புவதும் அவர் பொறுப்பா? சுவரில் காடி வெட்டிக் குழாய் போட்ட பிறகு அந்தக் காடியை அடைத்துப் பூசுவது பிளம்பரா, கொத்தனாரா? ஹீட்டருக்கு ஒயர் இழுத்துவிட்டு எலெக்ட்ரீஷியன் கிளம்பிவிட்டால், ஹீட்டரை மாட்டி ஓட்டிக் காட்டுவது யார்? உங்கள் தாளில் இதற்கெல்லாம் பதில் இல்லை. "அனைத்து வேலைகளும்" என்பதை நீங்கள் ஒரு விதமாகப் படிப்பீர்கள், அவர் வேறு விதமாகப் படிப்பார்.

உள்வேலை மேற்பார்வையில் பல வருடம் இருக்கிறேன். டைல்ஸ்காரர் டைல்ஸ் பதிக்க மாட்டேன் என்று சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் விளிம்பில்தான் எல்லாத் தகராறும் வரும். அதனால் சேர்ந்தவை என்று எழுதும் ஒவ்வொரு வரியிலும் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இருக்க வேண்டும். நான் எழுதும் மாதிரி ஒன்று:

"தண்ணீர்க் குழாய்: குளியலறைக்கு வெளியே உள்ள அடைப்பு வால்வுக்கு அடுத்த இணைப்பிலிருந்து ஒவ்வொரு குழாய் முனை வரை புதிதாகப் போடுதல். காடி வெட்டுதல், மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை, காடியை அடைத்துச் சுற்றியுள்ள பூச்சின் மட்டத்துக்குக் கொண்டுவருதல் ஆகியவை அடங்கும். வால்வும் அதற்கு முந்தைய குழாயும் அடங்காது."

"பிளம்பிங்" என்ற ஒற்றைச் சொல் இருந்த இடத்தில் இப்போது இரண்டு முனையும் தெரிகிறது. அந்த வால்வே பழசாகி இறுகிப் போயிருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் வேலை தொடங்கும் முன்பே வந்துவிடும்.

வரிவரி | மார்ச் 4, காலை 7:50

சேர்ந்தவை பட்டியலைச் சரியாக எழுதிவிட்டால் சேராதவை என்று தனியாக ஒன்று எதற்கு? பட்டியலில் இல்லாதது எல்லாம் தானாகவே வெளியே. ஒப்பந்தங்களை வாசிப்பதுதான் என் வேலை. எழுதாத ஒன்றை யாரும் கேட்க முடியாது.

ரசமட்டம் | மார்ச் 4, காலை 8:30

பாதி சரி. காகிதத்தில் உங்கள் வாதம் நிற்கும். ஆனால் "டைல்ஸ் பதித்தல்" என்று எழுதினால் பசை, இடைவெளி நிரப்பும் கிரவுட், மூலைப் பட்டை இதெல்லாம் எழுதாமலே உள்ளே வந்துவிடுகின்றன. எழுதாதது எல்லாம் வெளியே என்று யாரும் நடப்பதில்லை. அந்த வேலைக்கு வழக்கமாக எது தேவையோ அது உள்ளே என்றுதான் இரு தரப்பும் நடக்கிறார்கள். சரி, "வழக்கமாக" என்பது எதுவரை? ஜன்னலைச் சுற்றிய டைல்ஸை உடைக்கும்போது ஜன்னல் சட்டம் ஆட்டம் கண்டால் அதைத் திரும்பப் பதிப்பது வழக்கமா?

அதனால் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சேராதவையில் அடுக்க வேண்டியதில்லை. விவரம் தெரிந்த ஒரு வீட்டுக்காரர் "இது உள்ளேதான் இருக்கும்" என்று இயல்பாக நினைக்கக்கூடியது, ஆனால் இல்லாதது, அதை மட்டும் எழுதினால் போதும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது சேராது என்று எழுதுவது வீண். கழிவுநீர்ச் செங்குத்துக் குழாயை மாற்றுவது சேராது என்று எழுதுவது அவசியம். அது உங்கள் குளியலறைச் சுவரை ஒட்டியே போகிறது. ஆனால் எல்லா வீட்டுக்கும் பொதுவானது.

பெயின்ட் டப்பா | மார்ச் 4, மதியம் 1:15

எங்கள் படுக்கையறை அலமாரிக்கு வெளிர் சாம்பல் லேமினேட் சொன்னோம். வந்தது நீலம் கலந்த சாம்பல். கேட்டால் "இதுவும் சாம்பல்தானே" என்கிறார்கள். குளியலறைக்கு வெள்ளையே எடுங்கள், தொல்லையில்லை. பெரிய அளவு டைல்ஸாக எடுத்தால் அறை விசாலமாகவும் தெரியும்.

புதுவாசல் | மார்ச் 4, மதியம் 2:00

நிறமெல்லாம் முடிவு செய்தாகிவிட்டது. நான் கேட்டது தாளில் என்ன எழுதுவது என்று.

ரசமட்டம் | மார்ச் 4, மாலை 6:40

அவர் சொன்னதில் உங்களுக்கு ஆகும் விஷயம் ஒன்று இருக்கிறது. நிறத்துக்கு வார்த்தையில் அளவுகோல் எழுத முடியாது. ஒரு துண்டை எடுத்துப் பின்பக்கம் இருவரும் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். "கையெழுத்திட்ட மாதிரித் துண்டோடு பகல் வெளிச்சத்தில் பொருந்த வேண்டும்" என்பதுதான் தாளில் வரும் வரி. டைல்ஸுக்கும் அப்படியே. கூடவே, எல்லாப் பெட்டியிலும் ஒரே தயாரிப்புத் தொகுதி எண் இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர், ஒரே டிசைன் என்றாலும் தொகுதி மாறினால் சாயல் மாறும். பக்கத்தில் பக்கத்தில் பதித்த பிறகுதான் அது கண்ணில் படும்.

புதுவாசல் | மார்ச் 6, இரவு 8:20

உட்கார்ந்து எழுதிவிட்டேன். சேர்ந்தவை நீங்கள் சொன்ன மாதிரி தொடக்கம், முடிவு வைத்து எழுதியிருக்கிறேன், நீளமாக இருப்பதால் இங்கே போடவில்லை. மற்ற இரண்டையும் பாருங்கள்.

சேராதவை: பொதுக் கழிவுநீர்க் குழாய். கீழ்வீட்டுக் கூரைப் பூச்சு. ஹீட்டர், விளக்கு, கண்ணாடி வாங்குவது (நாங்கள் வாங்கித் தருவோம்; மாட்டுவது அவர்). எதிர்பாராத வேலைகள்.

ஏற்பு அளவுகோல்: கசிவு இருக்கக் கூடாது. தரை வாட்டம் சரியாக இருக்க வேண்டும். டைல்ஸ் சமமாக, வெற்றொலி இல்லாமல் இருக்க வேண்டும். எல்லா இணைப்புகளும் வேலை செய்ய வேண்டும்.

ரசமட்டம் | மார்ச் 6, இரவு 10:05

"எதிர்பாராத வேலைகள்" என்பதை முதலில் அடித்துவிடுங்கள். அது "அனைத்து வேலைகளும்" என்பதற்குத் தம்பி. அண்ணன் உங்கள் பக்கம் நிற்பது போலத் தெரிந்தது, தம்பி அவர் பக்கம் நிற்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய குளியலறையை உடைத்தால் என்ன வரும் என்பது பெரும்பாலும் எதிர்பார்த்ததுதான். டைல்ஸோடு சேர்ந்து பூச்சும் பெயர்ந்து வரும். எவ்வளவு என்பதுதான் தெரியாது. அதற்கு ஒரு அளவை உள்ளே வைத்துவிட்டு, அதற்கு மேல் போனால் என்ன விலை என்று இப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் அறையின் சுற்றளவு 7.8 மீட்டர். 2.1 மீட்டர் உயரம் டைல்ஸ் என்றால் கதவு போகச் சுமார் 15 சதுர மீட்டர் சுவர். அதில் 4 சதுர மீட்டர் வரை பூச்சு பெயர்ந்தால் மறுபூச்சு ஒப்பந்தத் தொகையிலேயே அடங்கும் என்று வையுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் இன்ன விலை. பெயர்ந்த இடத்தை மூடும் முன் சேர்ந்து அளந்து, படம் எடுத்து, இருவரும் கையெழுத்து. அந்த 4 என்பது என் கணக்கு. உங்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒப்பந்தக்காரர் 6 என்று கேட்டால் அவருக்கும் காரணம் இருக்கலாம்.

உண்மையிலேயே யாரும் நினைக்காத ஒன்று வந்தால், உதாரணமாகத் தளத்தின் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தால், அந்த இடத்தில் வேலை நிற்கும்; எழுத்தில் விலையும் நாளும் ஒப்புக்கொண்ட பிறகே தொடரும். இது போதும்.

ஏற்பு அளவுகோலை நாளை எழுதுகிறேன். அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

ரசமட்டம் | மார்ச் 7, மாலை 5:30

"கசிவு இருக்கக் கூடாது" என்பது ஆசை. எப்போது பார்ப்பது, எதை வைத்துப் பார்ப்பது, யார் முன்னால், தேறாவிட்டால் என்ன, இந்த நான்கும் இருந்தால்தான் அது அளவுகோல். இதில் பலரும் விடுவது "எப்போது" என்பதை. வேலை முழுவதும் முடிந்த பிறகு வந்து பார்த்தால் உங்களுக்குத் தெரிவது டைல்ஸும் பெயின்ட்டும் மட்டும். குழாயும் வாட்டர்ப்ரூஃபிங்கும் அதற்குள் புதைந்துவிட்டன. மூடப்படும் வேலையை மூடும் முன்பே ஏற்க வேண்டும்.

வாட்டர்ப்ரூஃபிங்குக்கு நான் எழுதுவது இப்படி:

"பூச்சு தரை முழுவதும், சுவரில் 150 மி.மீ. உயரம் வரையிலும், ஷவர் பகுதிச் சுவரில் 1800 மி.மீ. உயரம் வரையிலும் இருக்கும். தயாரிப்பாளர் சொன்ன உலரும் நேரம் முடிந்ததும், டைல்ஸ் பதிக்கும் முன், வடிகால் வாயை அடைத்து, வாசலில் தடுப்புக் கட்டி, தரையின் மேடான இடத்திலும் 25 மி.மீ. நிற்கும்படி நீர் கட்டப்படும். இருவரும் பார்த்து நீர்மட்டத்தைச் சுவரில் குறிப்பார்கள். 24 மணி நேரம் கழித்து இருவரும் மறுபடி பார்ப்பார்கள். கீழ்வீட்டுக் கூரையிலும் பக்கத்து அறைச் சுவரிலும் ஈரம் தெரியக் கூடாது. தெரிந்தால் ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்து முழுச் சோதனையையும் மறுபடி செய்வார். இது தேறிக் கையெழுத்தாகும் வரை டைல்ஸ் வேலை தொடங்காது."

கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் "டைல்ஸ்காரர் நாளைக்கு வேறு வேலைக்குப் போய்விடுவார், இன்றே பதித்துவிடலாம்" என்று ஆரம்பிப்பார்கள்.

நீர்மட்டம் கொஞ்சம் இறங்கும். ஆவியாவதால் இறங்கியதா, கசிந்து இறங்கியதா என்று எப்படித் தெரியும்? ஒரு அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் வைத்து, மட்டத்தைக் குறித்து, அதே அறையில் விட்டுவிடுங்கள். தொட்டியில் 2 மி.மீ. இறங்கி, தரையில் 9 மி.மீ. இறங்கியிருந்தால் கீழே கறை தெரியாவிட்டாலும் தண்ணீர் எங்கோ போகிறது. பல சமயம் அது அடைத்த வடிகால் வாயின் ஓரமாகத்தான் இருக்கும். அதை முதலில் பாருங்கள்.

கொல்லைப்புறம் | மார்ச் 7, இரவு 8:00

இவ்வளவு தேவையா? டைல்ஸ் போட்டு முடித்த பிறகு ஒரு நாள் தண்ணீர் கட்டினால் எல்லாம் ஒரே தடவையில் தெரிந்துவிடுமே. நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒரு சொட்டு இல்லை.

ரசமட்டம் | மார்ச் 7, இரவு 8:45

டைல்ஸ் போட்ட பிறகு கட்டும் நீர், டைல்ஸையும் கிரவுட்டையும் தாண்டிக் கீழே உள்ள கலவையில் ஊறித்தான் பூச்சுக்குப் போய்ச் சேரும். அந்த ஒரு நாளில் அது போய்ச் சேராமலே இருக்கலாம். அப்படித் தேறியதை வைத்துப் பூச்சு நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. தேறாவிட்டாலோ புது டைல்ஸை உடைக்க வேண்டும். உடைத்த டைல்ஸுக்குப் பணம் யார் தருவது என்பதில் அடுத்த சண்டை. முடிந்த பிறகு இரண்டாவதாக ஒரு தடவை கட்டிப் பார்ப்பதில் தப்பில்லை. முதல் தடவைக்குப் பதிலாக அது ஆகாது.

நான் எழுதிய சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. அது தரையையும் நீர் தொட்ட உயரத்தையும் மட்டும்தான் சோதிக்கும். ஷவர் சுவரில் 1800 மி.மீ. வரை பூச்சு போனதா என்று நீர் கட்டித் தெரியாது. சுவரில் அளவு நாடாவை நிறுத்திப் படம் எடுத்து வைப்பதுதான் அதற்கு வழி.

கரணை | மார்ச் 8, காலை 6:20

நான் அந்தப் பக்கத்து ஆள், ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன். ரசமட்டம் சார் எழுதியது சரிதான், ஆனால் எல்லாம் எங்கள் தலையில்தான் விழுகிறது. தண்ணீர் கட்டியாகிவிட்டது, வந்து பாருங்கள் என்று போன் செய்தால் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. நான்கு நாள் ஆட்கள் சும்மா உட்கார வேண்டியது. நீங்கள் கையெழுத்துப் போடும் வரை டைல்ஸ் தொடங்காது என்றால், எத்தனை நாளுக்குள் கையெழுத்துப் போடுவீர்கள் என்றும் அதே வரியில் எழுதுங்கள்.

ரசமட்டம் | மார்ச் 8, காலை 9:15

நியாயம். "சோதனை நேரத்தை ஒப்பந்தக்காரர் இரண்டு நாள் முன்னதாகச் செய்தியில் தெரிவிப்பார். வீட்டுக்காரர் அல்லது அவர் எழுத்தில் குறிப்பிட்ட ஒருவர் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த வேலை நாள் வரை காத்திருந்து, தேதியும் நேரமும் தெரியும் வீடியோ எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம்." இது உங்களுக்கு ஒத்துவருமா?

கரணை | மார்ச் 8, காலை 9:40

ஒத்துவரும். வீடியோவில் கீழ்வீட்டுக் கூரையும் வர வேண்டும். அங்கே எங்களை உள்ளே விட மாட்டார்கள், அந்த அனுமதியை வாங்கித் தருவது வீட்டுக்காரர் வேலை. அதையும் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் மாடி | மார்ச் 8, இரவு 7:30

நானும் ஒரு கீழ்வீட்டுக்காரன்தான். மேலே குளியலறையை உடைத்தார்கள், எங்கள் கூரையில் வட்டமாக ஓதம். "இது முன்பே இருந்தது" என்று அவர்கள், "இல்லை" என்று நாங்கள். பழைய படம் யாரிடமும் இல்லை. இன்றுவரை அது அப்படியே இருக்கிறது, நாங்களும் பேசிக்கொள்வதில்லை. வேலை தொடங்கும் முன் கீழ்வீட்டுக் கூரையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள் அம்மா.

புதுவாசல் | மார்ச் 8, இரவு 9:00

கீழே போய்க் கேட்டேன். உடனே சரி என்றார்கள். கூரையில் ஏற்கெனவே வடிகாலுக்கு நேர் கீழே ஒரு பழைய கறை இருக்கிறது. சுற்றிப் பென்சிலில் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதிப் படம் எடுத்துவிட்டேன்.

ரசமட்டம் | மார்ச் 8, இரவு 9:50

நல்லது. அப்படியானால் "கீழ்வீட்டுக் கூரைப் பூச்சு சேராது" என்பதைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பழைய கறையைச் சரிசெய்வது சேராது. சோதனையிலோ வேலையிலோ புதிதாக வரும் கறை, கோட்டைத் தாண்டிப் பழைய கறை பெரிதாவது, இவை ஒப்பந்தக்காரர் பொறுப்பு. நீங்கள் முதலில் எழுதியிருந்தபடி விட்டிருந்தால் அவர் வேலையால் வரும் சேதமும் வெளியே போயிருக்கும்.

வரிவரி | மார்ச் 9, காலை 8:10

இது எனக்கும் யோசிக்க வேண்டிய இடம். சேராதவை வரி அகலமாக இருந்தால் எழுதியவருக்கே எதிராகத் திரும்பும். ஆனாலும் சேர்ந்தவையைக் கவனமாக எழுதினால் போதும் என்ற கட்சியை நான் விடவில்லை.

ரசமட்டம் | மார்ச் 9, இரவு 9:20

அடுத்தது வாட்டம். "சரியாக" என்பதற்கு எண் வேண்டும். குளியலறைத் தரைக்கு 80-க்கு 1 நடைமுறையில் நன்றாக வரும். அதாவது ஒரு மீட்டருக்கு 12.5 மி.மீ. இறக்கம். ரசமட்டத்தை வைத்து அளக்கலாம், ஆனால் உங்களுக்கு வேண்டியது தண்ணீர் ஓடுவதுதான். அதனால் நான் இரண்டையும் எழுதுவேன்: "வாட்டம் 80-க்கு 1-க்குக் குறையாமல் வடிகாலை நோக்கி இருக்கும். நான்கு மூலையிலும் ஒவ்வொரு வாளி நீர் ஊற்றி 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் டைல்ஸ் மேல் ஈரப்படலம் இருக்கலாம், தேங்கிய நீர் இருக்கக் கூடாது."

டைல்ஸ் சமமாக இருப்பதற்கு 2 மீட்டர் மட்டப் பலகையின் கீழ் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது என்பது பரவலாகப் புழங்கும் அளவு. சுவருக்கு அதை எழுதுங்கள். தரைக்கு எழுதாதீர்கள். 1.5 மீட்டர் அகல அறையில், நாலா பக்கமும் வடிகாலை நோக்கிச் சரியும் தரையில், 2 மீட்டர் பலகை எங்கே உட்காரும்? தரைக்குப் பக்கத்துப் பக்கத்து டைல்ஸ் விளிம்பில் ஏற்ற இறக்கம் 1 மி.மீ.க்கு மேல் கூடாது என்று வையுங்கள். டைல்ஸே வளைந்து வந்திருந்தால் இந்த 1 மி.மீ. கிடைக்காது. நீங்கள் டைல்ஸ் வாங்கித் தருவதாக இருந்தால் அந்தப் பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடும், கவனம். பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து முகத்தோடு முகம் சேர்த்து வைத்தாலே வளைவு தெரியும்.

கரணை | மார்ச் 10, காலை 6:45

"வெற்றொலி இல்லாமல்" என்ற வரியை எந்த மேஸ்திரியும் ஒத்துக்கொள்ள மாட்டார். நாணயத்தால் தட்டினால் ஓரத்தில் கொஞ்சம் வித்தியாசமாகக் கேட்கத்தான் செய்யும். அதற்காக டைல்ஸ் கழன்று விழாது.

ரசமட்டம் | மார்ச் 10, இரவு 8:30

சுவரில் ஒரு மூலையில் கேட்கும் வெற்றொலிக்காக நானும் டைல்ஸை உடைக்கச் சொல்ல மாட்டேன். நனையும் தரையில் விட மாட்டேன், அந்த வெற்றிடத்தில் தண்ணீர் போய் உட்காரும். ஆனால் பதித்து முடித்த பிறகு தட்டிக்கொண்டு நிற்பதை விட, பதிக்கும்போதே பார்ப்பது மேல். காலையில் பதித்த முதல் சில டைல்ஸில் ஒன்றைப் பசை இறுகும் முன் நெம்பி எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நனையும் பகுதியில் பின்பக்கத்தின் 95 சதவீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும், நான்கு மூலையும் நிறைந்திருக்க வேண்டும். ஐந்து இடத்தில் உருண்டையாக அப்பிப் பதித்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும், மீதி நாள் முழுக்க அதே மாதிரி பதிப்பதும் நிற்கும்.

கரணை | மார்ச் 10, இரவு 9:05

ஒரு டைல்ஸை எடுத்துப் பார்ப்பதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒவ்வொரு நாளும் எடுப்பேன் என்றால் இருக்கிறது. தரையில் ஒன்றுகூடக் கூடாது என்பதையும் நான் எழுதித் தர மாட்டேன். ஒரு டைல்ஸின் பரப்பில் கால் பங்குக்கு மேல் வெற்றொலி கேட்டால் மாற்றித் தருகிறேன் என்றுதான் எழுதுவேன்.

ரசமட்டம் | மார்ச் 10, இரவு 9:30

கால் பங்கு அதிகம். ஷவருக்குக் கீழே அதை நான் ஏற்க மாட்டேன். புதுவாசல், இதை உங்கள் ஆளோடு பேசி முடிவு செய்யுங்கள். எந்த எண் ஆனாலும் வேலைக்கு முன்பே இருக்கட்டும்.

புதுவாசல் | மார்ச் 13, இரவு 8:15

ஒப்பந்தக்காரரோடு உட்கார்ந்தோம். முதலில் முகம் சுளித்தார். உங்கள் சோதனைக்கு அறிவிப்பு கொடுக்கும் வரியைப் பார்த்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார். மறுபூச்சு 4 இல்லை, 5 சதுர மீட்டர் என்று முடிந்தது. வெற்றொலிக்கு ஷவர் தரையில் ஒன்றும் கூடாது, மற்ற தரையிலும் சுவரிலும் கரணை சொன்ன மாதிரி கால் பங்கு.

புதுச் சிக்கல் ஒன்று. வாசல் பக்கம் ஒரு பழைய டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தார். தளத்திலிருந்து பழைய டைல்ஸ் மேல்முகம் வரை 50 மி.மீ. இருக்கிறது. வடிகால் வாசலிலிருந்து 2 மீட்டர். வாட்டம் 80-க்கு 1 வேண்டுமானால் வாசலில் தரை உயரும் என்கிறார். கதவு உள்பக்கம் திறக்கும், அடியில் இடைவெளி 10 மி.மீ.தான். இதை எங்கே எழுதுவது?

ரசமட்டம் | மார்ச் 13, இரவு 10:10

அவர் கணக்கு சரி. 2 மீட்டருக்கு 80-க்கு 1 என்றால் 25 மி.மீ. ஏற்றம். வடிகால் ஓரத்தில் கலவை குறைந்தது 25 மி.மீ. வைத்தால் வாசலில் 50. அதன் மேல் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு, பசை, டைல்ஸ் மூன்றும் சேர்ந்து ஒரு 15. ஆக 65 மி.மீ. பழைய தரையை விட 15 உயர்வு. கதவு அடியில் 10-தான் இருப்பதால் திறக்கவே திறக்காது.

வெளி அறைத் தரை பழைய குளியலறைத் தரையை விட எவ்வளவு உயரம் என்று அளந்தீர்களா? அதில் 15-ஐக் கழித்துப் பாருங்கள். மிச்சம் ஒன்றும் இல்லாவிட்டால் தண்ணீர் வெளியே வரும், கதவு அப்புறம்தான்.

புதுவாசல் | மார்ச் 13, இரவு 10:35

20 மி.மீ. அப்படியானால் 5 மிச்சம்.

ரசமட்டம் | மார்ச் 13, இரவு 10:50

5 போதாது. வாசலில் ஒரு கல் பட்டை வைத்து 15 மி.மீ. தடுப்பு எழுப்பலாம். அல்லது வடிகாலை வாசலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள்; ஒவ்வொரு 40 செ.மீ.க்கும் 5 மி.மீ. மிச்சமாகும். ஆனால் அது கீழ்வீட்டுக் கூரைக்குள் கழிவுக் குழாயை நகர்த்தும் வேலையாகிவிடலாம், அப்படியென்றால் விட்டுவிடுங்கள்.

கல் பட்டை என்று முடிவானால், கதவு மூடும்போது அதன் மேல்தான் வரும் என்பதை மறக்காமல் கதவை வெட்டும் அளவைப் போடுங்கள். சேர்ந்தவையில்: "வாசல் கல் பட்டை பொருளோடு பதித்தல். கதவைக் கழற்றி, கல் பட்டையிலிருந்து 8 முதல் 10 மி.மீ. இடைவெளி வரும்படி அடியை வெட்டி, வெட்டிய விளிம்புக்கு ஈரம் ஏறாதபடி பூச்சு அடித்து, திரும்ப மாட்டுதல்." ஏற்பு அளவுகோலில்: "கதவு முழுவதும் திறந்து மூடும்போது தரையிலும் பட்டையிலும் உரசக் கூடாது." கதவு உள்ளே வெற்றான பிளாஸ்டிக் வகையாக இருந்தால் இவ்வளவு வெட்ட முடியாது. அப்போது புதுக் கதவு யார் செலவு என்று இப்போதே பேசுங்கள்.

பெயின்ட் டப்பா | மார்ச் 14, காலை 7:20

கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டால் என்ன?

புதுவாசல் | மார்ச் 14, காலை 7:45

வெளியே திறந்தால் எதிரில் உள்ள அலமாரியில் இடிக்கும். மரக் கதவுதான், வெட்டிவிடலாம் என்கிறார். கடைசித் தவணை பற்றி மட்டும் இன்னும் முடியவில்லை. முடிந்து ஒரு மாதம் கழித்து 10 சதவீதம் என்று நாங்கள் கேட்கிறோம், 5 என்கிறார் அவர்.

கரணை | மார்ச் 14, காலை 8:00

5-க்கு மேல் யாரும் நிறுத்தி வைக்க விட மாட்டார்கள் அக்கா. எங்கள் லாபமே அதில்தான் இருக்கிறது.

வரிவரி | மார்ச் 14, காலை 8:30

சதவீதத்தை விட, அது எப்போது விடுபடும் என்பதைப் பாருங்கள். "ஒரு மாதம் கழித்து" என்றால் எந்த நாளிலிருந்து? வேலை முடிந்ததாக அவர் சொல்லும் நாளா, எல்லாச் சோதனையும் தேறிக் கையெழுத்தான நாளா? அதை எழுதாமல் 5-ஆ 10-ஆ என்று பேசிப் பயனில்லை.

ரசமட்டம் | மார்ச் 14, காலை 9:10

வரிவரி சொல்வதோடு ஒத்துப்போகிறேன். கையெழுத்தான நாளிலிருந்து என்று வையுங்கள். சதவீதத்தில் நான் 10 பக்கம், கரணை கோபித்துக்கொள்ளட்டும்.